உடைந்ததா, உடைத்தானா?

வகுப்பில் ஒரு கிளாஸ் விழுந்து நொறுங்கினால், பக்கத்தில் நின்ற பிள்ளை "கிளாஸ் உடஞ்சிட்டு சேர்" என்பான். தூர நின்றவன் "இவன்தான் உடச்சான் சேர்" என்பான். இலக்கணம் படிக்காமலேயே இருவருக்கும் வித்தியாசம் தெரியும்.

உடைந்தது என்பது செயப்படுபொருள் குன்றிய வினை. அங்கே "எதை?" என்று கேட்க முடியாது. உடைத்தான் என்பது குன்றாவினை. எதை உடைத்தான்? கிளாஸை. தமிழ் இந்த மாற்றத்தை வினைச்சொல்லுக்குள்ளேயே காட்டிவிடுகிறது. திரும்பியது, திருப்பினான். அடங்கியது, அடக்கினான். மெல்லெழுத்து வல்லெழுத்தாகிறது, அவ்வளவுதான்.

ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். அங்கே மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, இரண்டுக்கும் ஒரே சொல். பஸ் நின்றது என்றாலும் சாரதி பஸ்ஸை நிறுத்தினார் என்றாலும் 'ஸ்டொப்ட்' தான். எப்படிப் பிரித்தறிவது? வினைக்குப் பின்னால் பாருங்கள். 'த பஸ் ஸ்டொப்ட்' என்பதில் பின்னால் ஒன்றுமில்லை. 'த டிரைவர் ஸ்டொப்ட் த பஸ்' என்பதில் பஸ் இருக்கிறது. தமிழிலும் இப்படி ஒரு சொல் உண்டு: கதவு திறந்தது, கதவைத் திறந்தான். இங்கே 'ஐ' உருபு செய்யும் வேலையை அங்கே சொல் நிற்கும் இடம் செய்கிறது.

இரண்டாவது, ஒலியில் நெருங்கிய ஜோடி. உயர்வதற்கு 'ரைஸ்' (சோற்று ரைஸ் அல்ல!), உயர்த்துவதற்கு 'ரெய்ஸ்'. விலை உயர்ந்தது என்றால் 'த பிரைஸ் ரோஸ்'. ஆனால் பல பிள்ளைகள் 'த பிரைஸ் ரெய்ஸ்ட்' என்று எழுதுகிறார்கள். இதற்குப் பத்திரிகைத் தலைப்புகளும் ஒரு காரணம். 'பெற்றோல் பிரைஸ் ரெய்ஸ்ட்' என்ற தலைப்பில் துணைவினை ஒன்று விடுபட்டிருக்கிறது. முழு வசனம் 'த பிரைஸ் வோஸ் ரெய்ஸ்ட்', அதாவது விலை உயர்த்தப்பட்டது. தலைப்பில் அதை விடலாம், விடைத்தாளில் விட்டால் பிழை.

மூன்றாவது, முற்றிலும் வேறு சொல். கோப்பை விழுந்தது என்றால் 'த கப் ஃபெல்'. தம்பி கோப்பையை விழுத்தினான் என்பதற்கு, விழு, விழுத்து என்ற நமது ஜோடியை நம்பி 'ஹி ஃபெல் த கப்' என்று எழுதக் கூடாது. 'ஹி டிரொப்ட் த கப்' என்பதே சரி. பஸ் ஓடியது என்பதற்கு 'ரன்' வரும், பஸ்ஸை ஓட்டினார் என்பதற்கு 'டிரைவ்' வேண்டும்.

ஆகவே பெற்றோர்களே, வீட்டில் ஆங்கில வினையை மனனம் செய்விக்கும்போது அர்த்தத்தை மட்டும் கேட்காதீர்கள். 'ஃபோல்' என்றால் விழு என்று பிள்ளை சொன்னவுடன், "அப்ப விழுத்து என்பதற்கு?" என்றும் கேளுங்கள். கொப்பியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதட்டும். ஒரே சொல்லா, நெருங்கிய ஜோடியா, வேறு சொல்லா என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடும்.