மூன்றாம் காலைச் சுற்றி ஒரு செம்பு வேலி

கோவையில் ஆய்வகக் கருவிகளைப் பழுதுபார்க்கும் சிறிய பட்டறை அது. சாயப்பட்டறை ஒன்றிலிருந்து வந்த பி.எச். மீட்டர் மேசையில் கிடந்தது. "மழை நாளில் தப்பாகக் காட்டுகிறது, வெயில் ஏறினால் சரியாகிறது" என்று அதில் சீட்டு ஒட்டியிருந்தது. எலக்ட்ரோடை மாற்றியும் பயனில்லையாம்.

அந்த மேசைக்காரர் ஐம்பதைத் தொடும் அக்கா. மீட்டரின் இன்புட்டை ஷார்ட் செய்தார், 7.00 என்று சரியாகக் காட்டியது. பிறகு அதே இடத்தில் 100 மெகாஓம் ரெசிஸ்டரை வைத்தார். கண்ணாடி எலக்ட்ரோடின் தடையும் ஏறத்தாழ அவ்வளவுதான். அளவு 7.85-க்கு ஏறியது.

"எலக்ட்ரோடு மேல தப்பு இல்லீங்க தம்பி, போர்டு கசியுது" என்றார்.

கணக்கு எளிது. ஆப்-ஆம்பின் மூன்றாம் கால் இன்புட்; பக்கத்து நான்காம் காலில் மைனஸ் 5 வோல்ட். இடையில் படிந்த ஃபிளக்ஸும் விரல் உப்பும் ஈரத்தை இழுத்து 10 கிகாஓம் பாதை ஆகிவிட்டால், அரை நானோஆம்பியர் ஓடும். அது 100 மெகாஓம் வழியே போகும்போது 50 மில்லிவோல்ட் பிழை. ஒரு பி.எச்.சுக்கு 59 மில்லிவோல்ட் என்பதால், கிட்டத்தட்ட 0.85 பி.எச். தவறுகிறது.

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்தார். அழுக்கான திரவம் அங்கேயே உலர்ந்தால் கறை பரவுமே தவிரப் போகாது; அதனால் புது ஆல்கஹாலில் மறுபடி அலசி, அயனி நீக்கிய நீரில் கழுவி, 80 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் உலர்த்தினார். 'கழுவத் தேவையில்லை' என்று விற்கும் ஃபிளக்ஸையும் இங்கே கழுவத்தான் வேண்டும். அதன்பின் கையுறை இல்லாமல் யாரும் தொடுவதில்லை.

ஆனால் கழுவிய போர்டில் மறுபடி தூசி படியும். ஆகவே புதிதாகப் போடும் போர்டில் கார்டு ரிங் வைக்கிறார்கள். இன்புட் காலையும் அதிலிருந்து கனெக்டர் வரை போகும் தடத்தையும் முழுதாகச் சுற்றி வரும் செம்புக் கோடு அது. இது ஃபாலோவர் சர்க்யூட் என்பதால் வளையத்தை அவுட்புட்டோடு இணைக்கிறார்கள். இன்வெர்டிங் சர்க்யூட் என்றால் கிரவுண்டோடு. இன்புட்டுக்கும் வளையத்துக்கும் இப்போது ஒரு மில்லிவோல்ட் அளவே வேறுபாடு. அதே 10 கிகாஓம் அழுக்கு இருந்தாலும் கசிவு ஐயாயிரத்தில் ஒரு பங்காகிவிடும். நான்காம் காலிலிருந்து வருவதை வளையம் வாங்கிக்கொள்ளும்.

வளையத்தின் மேல் சால்டர் மாஸ்க் இருக்கக் கூடாது. மாஸ்க்கின் மேற்பரப்பு வழியே கசிவு தாண்டிப் போய்விடும். கால்கள் போர்டைத் துளைத்து இறங்கினால் அடிப்பக்கத்திலும் வளையம் வேண்டும். கனெக்டருக்குள் நுழைந்த ஈரத்தை வளையம் ஒன்றும் செய்யாது. அதைத் தனியாகத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

உங்கள் மீட்டரும் மழைக்கு மாறுகிறதென்றால், புது எலக்ட்ரோடு வாங்கும் முன் 100 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்றை வாங்கிச் சோதித்துப் பாருங்கள்.