கால் எவ்வளவு புதையும்?

"ஆலங்குடி. 15 இருக்கு. அறுக்க வண்டி வேணும், சீக்கிரம்." தஞ்சாவூர்ப் பக்கம் நெல் அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு விடும் சித்தப்பாவின் இணையப் படிவத்தில் தை மாசம் வந்து விழுந்தவை எல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன. படிவத்தில் மூன்றே கட்டம்: பெயர், கைபேசி, செய்தி. மிச்சத்தையெல்லாம் சித்தி போன் போட்டுக் கேட்கணும். ஆனா வயலில் நிற்கிறவர் போனை எடுக்கிறதில்லை. அவர் திரும்பக் கூப்பிடும்போது வண்டி வேறு ஊருக்குப் போயிருக்கும். முற்றிய சம்பாப் பயிர் மேல ஒரு மழை விழுந்தா சாய்ஞ்சு, தண்ணியில கிடந்து முளைக்கவும் ஆரம்பிச்சிடும்.

படிவத்தை மாத்தித் தர்றியான்னு சித்தப்பா கேட்டார். கணினியைத் திறக்கிறதுக்கு முன்னாடி இரண்டு நாள் சித்தி பக்கத்தில் உட்கார்ந்து, அவங்க போன்ல என்ன கேட்கிறாங்கன்னு மட்டும் எழுதிக்கிட்டேன். எல்லாரிடமும் ஒரே நாலைஞ்சு கேள்விதான். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு முடிவு இருந்தது. எந்த முடிவையும் மாற்றாத கேள்விக்குக் கட்டம் கிடையாது என்று வைத்துக்கொண்டேன்.

மேலே உள்ள செய்தியையே எடுத்துக்குங்க. ஆலங்குடின்னா குரு கோயில் இருக்கிற, வலங்கைமான் தாலுகா ஆலங்குடியா, புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடியா? தஞ்சாவூருக்கும் பூதலூருக்கும் நடுவே ஆலக்குடின்னு ஒரு ஊர் வேற இருக்கு. அவசரத்தில் தட்டினால் அதுவும் ஆலங்குடிதான். அதனால் முதலில் தாலுகாவைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, பிறகுதான் ஊர்.

அடுத்தது அந்த 15. ஏக்கர்னு நாம படிப்போம். இங்கே பெரியவங்க கணக்கு மா. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட், மூணு மா சேர்ந்தா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. 15 மான்னா ஐந்து ஏக்கர்தான். அதை 15 ஏக்கர்னு எடுத்துக்கிட்டா அன்னிக்கு இன்னொருத்தருக்குப் போக வேண்டிய வண்டி சும்மா நிற்கும். எண்ணுக்குப் பக்கத்திலேயே மா, ஏக்கர், வேலின்னு தேர்வு வெச்சேன். எதையும் முன்கூட்டியே தேர்ந்து வைக்கலை. வெச்சிருந்தா பாதிப் பேர் அதை அப்படியே விட்டுட்டுப் போயிடுவாங்க.

ரொம்ப யோசிக்க வெச்சது ஈரம். காய்ந்த வயலுக்கு டயர் வண்டி, சேற்று வயலுக்கு பெல்ட் வண்டி. பெல்ட் வண்டியைத் தார் ரோட்டுல தூரமா ஓட்டிப் போக முடியாது, லாரியில ஏத்தி இறக்கணும். அப்போ லாரி நிற்க இடம் இருக்கா, வழியில் இருக்கிற வாய்க்கால் பாலம் தாங்குமான்னு அடுத்த கேள்வி வருது. அதை பெல்ட் வண்டி தேவைப்படுறவங்களுக்கு மட்டும் காட்டினால் போதும். ஆனா "வயல் ஈரமா?" என்று கேட்டால் பதிலால் பிரயோசனம் இல்லை. ஒருத்தருக்கு ஈரமா இருக்கிறது இன்னொருத்தருக்குக் காய்ச்சல். சித்தி போனில் அப்படிக் கேட்கவே மாட்டாங்க. "நடுவயல்ல போய் நின்னா கால் எதுவரைக்கும் போவுதுண்ணே?" இதுதான் கேள்வி. புதையாது, பாதம் வரை, கணுக்கால் வரை, அதுக்கு மேல. அப்படியே படிவத்தில் போட்டேன்.

அப்புறம்தான் ஒண்ணு புரிஞ்சது. படிவத்தை நிரப்புறவர் பல நேரம் வயலுக்குச் சொந்தக்காரரே இல்லை. சென்னையிலோ துபாயிலோ இருக்கிற மகனோ மகளோ. அப்பா வயலில் கால் எவ்வளவு புதையும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? கட்டாயப்படுத்தினா ஏதோ ஒண்ணை அமுக்கிடுவாங்க. பொய்யான பதில் வெற்றுக் கட்டத்தைவிட மோசம், ஏன்னா அதை நம்பி லாரி கிளம்பிடும். அதனால் "தெரியாது" என்ற தேர்வையும் சேர்த்தேன். அதை அமுக்கினால் கீழே இன்னொரு கட்டம் திறக்கும்: வயல் பக்கத்தில் இருப்பவர் பெயர், கைபேசி, எத்தனை மணிக்குக் கூப்பிட்டால் எடுப்பார். சித்தி போட வேண்டிய போன் அப்பவும் ஒண்ணு மிச்சம்தான். ஆனா சரியான ஆளுக்கு, அவர் கரையேறி வந்த நேரத்துக்குப் போகுது.

"எப்ப வேணும்?" கட்டத்தையும் எடுத்துட்டேன். எல்லாருக்கும் நாளைக்கே வேணும். அதுக்குப் பதிலா ரகத்தையும் விதை விட்ட தேதியையும் கேட்கிறோம். சி.ஆர். 1009 ஐந்து மாசத்துக்கும் மேல போகும். ஏ.டி.டி. 43 நாலு மாசத்துக்குள்ள முடிஞ்சிடும். தேதி தெரிஞ்சா அறுப்பு எந்த வாரம்னு சித்திக்குக் கணக்கு வந்துடும். பயிர் சாய்ஞ்சு கிடந்தா வண்டி மெதுவாத்தான் போகும், மணிக்கணக்கு ஏறும். அதையும் கேட்டு வெச்சா வாடகைத் தகராறு குறையும்.

மழை மட்டும் படிவத்துக்குள்ள அடங்காது. திங்கட்கிழமை "பாதம் வரை"ன்னு சொன்ன வயல் வியாழக்கிழமை கணுக்காலைத் தாண்டியிருக்கும். அதனால வண்டி போறதுக்கு முந்தின சாயங்காலம் சித்தி அந்த ஒரு கேள்வியை மட்டும் திரும்பக் கேட்கிறாங்க.

இப்போ போன் பக்கத்தில் ஒரு நோட்டு கிடக்கு. படிவம் வந்த பிறகும் கேட்க வேண்டியிருந்த கேள்வி எதுவோ, அதை அதில் எழுதணும். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தா ஒரு கட்டம் குறையுது, இல்லேன்னா இருக்கிற கட்டம் யாருக்கும் புரியலைன்னு அர்த்தம். இந்தப் போகத்தில் அதிகம் விழுந்தது "வைக்கோல் கட்டு கட்டப் போறீங்களா?" மின்னஞ்சல் முகவரின்னு ஒரு கட்டத்தைச் சித்தப்பா ஆசைப்பட்டுப் போடச் சொல்லியிருந்தார். யாரும் நிரப்பலை. அந்த இடத்துக்கு வைக்கோல் வந்துடுச்சு.