மைனஸ் 2.37 என்றால் வகுப்பு மோசமா?

அக்கா பத்தாம் வகுப்புக்கு கணக்கு எடுக்கிறாள். சின்ன செக்‌ஷன், பத்தே பேர். போன வாரம் பரீட்சை மார்க்கை எக்செல்லில் போட்டு அனுப்பியிருந்தாள். கீழே இரண்டு எண்கள்: ஸ்க்யூனஸ் -2.37, குர்டோசிஸ் 6.42. "மைனஸ்ல வருதுடா. மொத்த க்ளாஸுக்கும் சனிக்கிழமை ஸ்பெஷல் க்ளாஸ் வைங்கன்னு ஹெச்.எம். சொல்றாரு" என்று போனில் புலம்பல்.

சரி, மேட்டருக்கு வருவோம். மார்க் இதுதான்:

```
20 60 65 65 70 70 75 75 80 80
=SKEW(A1:J1)   -2.37
=KURT(A1:J1)    6.42
```

சராசரி 66. ஒவ்வொருத்தரும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறார்கள் என்று பாருங்கள். 80 வாங்கியவர் 14 மேலே. 20 வாங்கியவர் 46 கீழே. இந்தத் தூரங்களை வைத்துத்தான் இரண்டு எண்ணும் வருகின்றன.

ஸ்க்யூனஸுக்கு தூரத்தை மூன்று முறை பெருக்க வேண்டும். மூன்று முறை பெருக்கினால் மைனஸ் மைனஸாகவே இருக்கும், அதனால் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். அந்த 20 மார்க்காரர் மட்டும் -97,336 கொடுக்கிறார். மற்ற ஒன்பது பேரையும் கூட்டினால் +6,856 தான். ஆக, மைனஸ் என்பது "மோசம்" என்று சொல்லவில்லை. வால் இடது பக்கம், அதாவது குறைந்த மார்க் பக்கம், நீண்டு கிடக்கிறது என்று மட்டும் சொல்கிறது. கூட்டம் அதற்கு எதிர்ப்பக்கம் நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது. நடு மார்க் (மீடியன்) 70, சராசரியை விட 4 அதிகம். ஒரே ஆள் சராசரியைக் கீழே இழுத்திருக்கிறார்.

குர்டோசிஸுக்கு தூரத்தை நான்கு முறை பெருக்க வேண்டும். மைனஸ் போய்விடும், பெரிய தூரம் பூதாகாரமாக வளரும். பத்து பேருக்கும் மொத்தம் 45,69,220 வருகிறது. அதில் 44,77,456 அந்த ஒருவருடையது. 98 சதவீதம்! பாடப் புத்தகங்களில் "குர்டோசிஸ் என்றால் சிகரம் எவ்வளவு கூர்மை" என்று படித்திருப்பீர்கள். அதை மறந்துவிடலாம். அந்த விளக்கம் தவறு என்று பீட்டர் வெஸ்ட்ஃபால் 2014-இல் ஒரு கட்டுரையே எழுதினார். குர்டோசிஸ் பேசுவது வால்களைப் பற்றி: கூட்டத்தை விட்டு வெகுதூரம் போனவர்கள் இருக்கிறார்களா என்பதைப் பற்றி.

சந்தேகமிருந்தால் அந்த 20-ஐ மட்டும் எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். ஸ்க்யூனஸ் -0.15, குர்டோசிஸ் -1.06. இரண்டும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடும் :-)

அக்காவிடம் இதைத்தான் சொன்னேன். ஒன்பது பேருக்கு சனிக்கிழமை வகுப்பு தேவையில்லை. அந்த ஒருத்தரைக் கூப்பிட்டுப் பேசு. பாடம் புரியலையா, அன்னைக்கு உடம்பு சரியில்லையா, கூட்டல் போட்டதே தப்பா, இதில் எது என்று எந்த ஃபார்முலாவும் சொல்லாது. யாரைக் கேட்க வேண்டும் என்பதை மட்டும்தான் காட்டும்.

இதற்கு நேர் எதிரான பட்டியலும் உண்டு. ஐந்து பேர் 40, ஐந்து பேர் 80 என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 60, ஸ்க்யூனஸ் சுத்தமாக 0. "ஆகா, சமச்சீர்" என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் அந்த வகுப்பில் 60 வாங்கியவர் ஒருத்தர்கூட இல்லை! காட்டிக்கொடுப்பது குர்டோசிஸ்தான்: -2.57. வால் என்று யாருமில்லை, எல்லோரும் சராசரியிலிருந்து ஒரே தூரத்தில் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ஸ்பெஷல் க்ளாஸ் உண்மையில் தேவைப்படுவது இங்கே, அந்தப் பாதிப் பேருக்கு.

இரண்டு எச்சரிக்கை. எக்செல், மணி வடிவ நார்மல் பரவலுக்குரிய 3-ஐக் கழித்து, சின்னப் பட்டியலுக்கான திருத்தமும் செய்துதான் குர்டோசிஸ் தருகிறது. அக்காவின் அதே பத்து மார்க்கை பைத்தானில் `scipy.stats.kurtosis`-க்குக் கொடுத்தால், திருத்தம் இல்லாமல் 3.09 வரும். 3-ஐக் கழிக்காமல் விட்டால் 6.09. எண்ணை ஒப்பிடும் முன் எந்த மென்பொருளில் போட்டது என்று கேளுங்கள்.

அடுத்தது, பத்து பேர் பட்டியலில் ஸ்க்யூனஸ் 1, -1 என்று ஆடுவது சகஜம். அதற்கெல்லாம் அர்த்தம் தேடாதீர்கள். -2.37 மாதிரி எகிறினால், ஃபார்முலாவை விட்டுவிட்டு மார்க்கை வரிசைப்படுத்தி இரண்டு ஓரத்தையும் பாருங்கள். ஆள் அங்கேதான் இருப்பார்.