ஓர் இலக்கம் குறைந்தால்

உயர்தரம் படிக்கிற சில பிள்ளைகளுக்கு நாங்கள் மாதாமாதம் டியூஷன் காசு அனுப்புவதுண்டு. காசு சேர்ப்பதை விட, அதைச் சரியான கையில் சேர்ப்பதற்குத்தான் எங்களுக்கு நேரம் கூடப் போகிறது. ஒரு அம்மா சொல்லுவா, பிள்ளை எழுதும், பக்கத்து வீட்டு அண்ணா படமெடுத்து வட்ஸ்அப்பில் போடுவார். இந்தக் கைமாற்றத்தில் எங்கேயோ ஓர் இலக்கம் விழுந்துவிடும்.

அண்மையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு டீச்சர் மூலமாக வந்த மெசேஜும் அப்படித்தான். அதில் அம்மாவின் போன் நம்பர் இருந்தது, ஆனால் ஒன்பது இலக்கம். கூடவே ஒரு துண்டுக் கடதாசியின் படம். அதில் கணக்கிலக்கத்தின் கடைசி எண் படத்தின் ஓரத்தோடு வெட்டுப்பட்டிருந்தது. வகுப்புக் காசு கட்டக் கடைசி நாளுக்கு இன்னும் இரண்டு நாள்தான்.

ஒன்பது இலக்கம் வந்தாலே பிழை என்று இல்லை. எங்கள் நாட்டுக் கைபேசி எண் 07இல் தொடங்கி மொத்தம் பத்து இலக்கம். ஒன்பது இலக்கம் 7இல் தொடங்கினால், பெரும்பாலும் விழுந்தது முன்னாலுள்ள 0. எக்ஸெலில் எண்ணைப் போட்டால் அது தானாகவே போய்விடும், +94 போட்டு எழுதும்போது நாங்களே எடுத்துவிடுகிறோம். ஆனால் இந்த எண் 07இல்தான் தொடங்கியது. அப்படியானால் குறைவது உள்ளே எங்கேயோ.

முதல் மூன்று இலக்கத்தையும் சரியென்றே எடுத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு ஏழு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருந்தது: 4 1 8 2 9 6. எங்களில் ஒருத்தி சொன்னாள், "டபிள் என்டு சொன்னதை ஒண்டா எழுதியிருப்பினம். போட்டுப் பாப்பம்." நியாயமான ஊகம்தான். ஆனால் எது டபிள்? நாலா, ஒன்றா, எட்டா? அந்த ஊகத்திலேயே ஆறு எண்கள் வருகின்றன. ஊகமே பிழையென்றால், புது இலக்கம் ஏழு இடங்களில் எதிலும் வரலாம், ஒவ்வோர் இடத்திலும் பத்து விதமாக. நாலுக்கு முன் நாலு போட்டாலும் பின் போட்டாலும் ஒன்றே என்பதால் அப்படி இரட்டிப்பாக வரும் ஆறைக் கழித்தால், 64 எண்கள். அதில் ஒன்றுதான் அந்த அம்மாவினது. மற்றதில் பல, யாரோ ஒருவரின் கையில் இருக்கிற போன்கள். அங்கே "உங்கட மகளின்ட டியூஷன் காசு" என்று நாங்கள் ஒரு மெசேஜ் அனுப்பினால், ஒரு பிள்ளையின் பெயரும் பாடசாலையும் வீட்டுக் கஷ்டமும் அறியாத ஒருவரிடம் போய்விடும். அதைத் திருப்பி எடுக்க வழியில்லை.

கணக்கிலக்கத்தில் இன்னும் சிக்கல். எத்தனை இலக்கம் வரவேண்டும் என்பதே வங்கிக்கு வங்கி வேறு. கடைசி எண்ணுக்கு 0 முதல் 9 வரை போட்டுப் பார்த்து, செயலி ஏற்கிற எண்ணுக்கு அனுப்பலாமே என்று தோன்றும. செயலி ஏற்றால், அப்படியொரு கணக்கு இருக்கலாம் என்பது மட்டும்தான் தெரியும். அது யாருடையது என்று தெரியாது. நாங்கள் அம்மாவின் பெயரைச் சரியாக எழுதினாலும், பல வங்கிகளில் காசு கணக்கிலக்கத்தைப் பார்த்துத்தான் போகிறது. ஒருமுறை வேறு கணக்கில் விழுந்தால், அந்த ஆள் சம்மதிக்காமல் வங்கி சும்மா திருப்பி எடுத்துத் தராது.

ஆகவே ஒன்றையும் போட்டுப் பார்க்கவில்லை. மெசேஜ் வந்த வழியிலேயே திரும்பிப் போனோம். டீச்சருக்கு அழைத்து, எண்ணை எழுதியவரிடமே கேட்கச் சொன்னோம். நாங்கள் வைத்திருந்த எண்ணை நாங்கள் வாசித்துக் காட்டவில்லை. வாசித்தால், "ஓம், அதுதான்" என்று சொல்லிவிடுவார்கள். டபிள் என்று சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னோம். வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தை, நாலு மூலையும் தெரியப் படமெடுத்து அனுப்பவும் கேட்டோம்.

மறுநாள் மதியம் இரண்டும் வந்தன. போனில் விழுந்திருந்தது டபிள் அல்ல, நடுவிலிருந்த ஒரு 0. அந்த ஆறு ஊகத்தில் ஒன்றுகூடச் சரியாக இருந்திருக்காது.

புத்தகம் கையில் இருந்தும் முழுக் காசையும் உடனே அனுப்பவில்லை. முதலில் 137 ரூபாய் அனுப்பினோம். பிறகு அம்மாவுக்கு அழைத்து, "காசு வந்ததா?" என்று கேட்காமல், "எவ்வளவு வந்திருக்கு?" என்று கேட்டோம். "நூத்தி முப்பத்தேழு ரூவா வந்திருக்கு. ஏன் இப்புடி?" என்று அவ சிரித்தா. மிச்சக் காசு அன்று பின்னேரமே போனது.