பேதி நின்றாலும் ஜிங்க் மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

மேல்விஷாரத்தில் அம்மா ஷூ கம்பெனிக்குக் கிளம்பிவிட்டால், ஒன்றரை வயதுக் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பாட்டிதான். பேதி என்றதும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் 14 ஜிங்க் மாத்திரைகளும் கொடுத்தார்கள். தினம் ஒன்று, 20 மில்லிகிராம். ஸ்பூன் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார் பாட்டி. மூன்றாம் நாள் பேதி நின்றது. 'இனி எதுக்கு மாத்திரை?' என்றார். அங்கேதான் பலரும் தவறுகிறார்கள். குடல் முழுசாக ஆறவும், அடுத்த சில மாதங்களில் பேதி திரும்பாமலிருக்கவும் 14 நாளும் வேண்டும்.

ஆனால், இழந்த நீரை ஜிங்க் ஈடுகட்டாது. அதற்கு ஓ.ஆர்.எஸ்.தான். கண் குழிவிழுந்து, டம்ளரைப் பிடுங்கிக் குடித்தால் நீர் வற்றுகிறது என்று அர்த்தம். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத்தான் இறங்கும். அப்போதே டாக்டரிடம் காட்டுங்கள். பிறகு குடிக்காமல் துவண்டு கிடந்தால், 'அசந்து தூங்குது' என்று விட்டுவிடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள், டிரிப்ஸ் தேவைப்படும்.