பாண்காரர் மெட்டும் பக்கத்து இருக்கைப் போனும்

மதுரங்குளியின் ஒழுங்கைகளில் பாண் விற்க வரும் முச்சக்கரவண்டி, தான் வருவதை ஒரு மெட்டால் அறிவிக்கும். இலங்கையில் பிறந்த எவருக்கும் அது 'சூன் பாண்' மெட்டு. அதை ஆக்கியவர் பேத்தோவன். 1810இல் பியானோவுக்காக எழுதி, அச்சேற்றாமலே வைத்திருந்தார். அவர் இறந்து 40 ஆண்டுகள் கழித்து, 1867இல்தான் அது வெளிவந்தது. 'எலீசுக்காக' என்பது அதன் பெயர். பாண் வாங்க வாசலுக்கு வருபவர்களில் பலருக்கு அந்தப் பெயர் தெரியாது. மெட்டு மட்டும் மனப்பாடம்.

இதே மெட்டு பழைய கைப்பேசிகளின் அழைப்பொலிப் பட்டியலிலும் இருந்தது. புத்தளம் வீதியில் ஓடும் பஸ்ஸில் யாருடைய போனாவது அப்படி ஒலித்தால், கேட்பவர் மனதில் பாண்தான் வரும். பெயர் வராது. முன்பின் தெரியாத ஒருவரின் போனில் கேட்ட மெட்டைத் தேடுவதில் உள்ள சிக்கல் முழுவதும் இதற்குள் இருக்கிறது. மெட்டு தெரியும், வரி இல்லை. வரி இல்லாததால் எழுதித் தேட வழியில்லை. போதாததற்கு, உரியவர் போனை எடுத்ததும் ஒலி நின்றுவிடுகிறது.

அந்தச் சில விநாடிகளில் பாட்டின் பெயரைக் கண்டுபிடிக்க முயல்வது வீண். காதில் விழுந்தது எந்த வகை ஒலி என்று தீர்மானிப்பதே முதல் வேலை. வெளியான ஒலிப்பதிவிலிருந்து வெட்டிய துண்டா? மெட்டை மட்டும் எடுத்து வேறு கருவியில் வாசித்ததா? அல்லது பின்னால் பாட்டே இல்லாத, போனுக்கென்றே செய்த ஒலியா? தேடும் வழி இந்த மூன்றுக்கும் வேறு வேறு.

பாடகரின் குரலோ முழு வாத்திய இசையோ கேட்டால் அது பெரும்பாலும் முதல் வகை. இதற்குத்தான் ஷசாம். இது 2002இல் பிரித்தானியாவில் தொடங்கியபோது செயலியாக இருக்கவில்லை. 2580 என்ற எண்ணுக்கு அழைத்துப் போனைப் பாட்டின் பக்கம் நீட்ட வேண்டும்; சற்று நேரத்தில் அழைப்பு தானாகத் துண்டிக்கப்பட்டு, பாட்டின் பெயர் குறுஞ்செய்தியாக வரும். இதன் கணக்கு முறையை வகுத்தவர் ஏவரி வாங். ஒலியில் எந்தக் கணத்தில் எந்தச் சுருதி ஓங்கி நிற்கிறது என்று அது புள்ளி வைத்துக்கொள்கிறது. பிறகு, புள்ளிகளுக்கு இடையிலுள்ள தூரங்களைத் தன் சேமிப்பில் உள்ள பதிவுகளோடு ஒப்பிடுகிறது. அந்தப் புள்ளிகள் இரவு வானத்து நட்சத்திரக் கூட்டங்களைப் போலத் தோன்றியதால், அவரே அதற்கு நட்சத்திரக் கூட்ட வரைபடம் என்று பெயர் வைத்தார்.

ஓங்கிய புள்ளிகளை மட்டுமே பார்ப்பதால், பஸ் இரைச்சலும் போனின் சின்ன ஒலிபெருக்கியும் அதை அவ்வளவாகக் குழப்புவதில்லை. ஆனால் அது தேடுவது பாட்டை அல்ல, பதிவை. அதே பாடகர் அதே பாட்டை மேடையில் பாடினால் புள்ளிகள் வேறு இடத்தில் விழும். மெதுவாக்கிய பிரதி, வேகம் கூட்டிய பிரதி, இன்னொருவர் புல்லாங்குழலில் வாசித்த பிரதி ஆகியவற்றில் அது சறுக்கும். இரண்டு மூன்று முறை தெளிவாகக் கேட்க வைத்தும் பதில் இல்லையென்றால், கேட்டது பெரும்பாலும் வெளியான பதிவு அல்ல என்று கொள்ளலாம். அப்படியானால் அடுத்த வழிக்குப் போக வேண்டும்.

அந்த வழிக்கு நல்ல உதாரணம், உலகம் முழுவதும் கேட்ட நொக்கியா மெட்டு. பதின்மூன்றே சுரம். 1990களில் அது போன் கம்பனியின் சொந்த ஒலி என்றே கோடிக்கணக்கானோர் நினைத்தார்கள். உண்மையில் அது பிரான்சிஸ்கோ தாரெகா என்ற ஸ்பானியக் கிற்றார் கலைஞர் 1902இல் எழுதிய 'கிரான் வால்ஸ்' என்ற ஆக்கத்தின் நடுவிலிருந்து எடுத்த ஒரு துண்டு. முதல் சுரத்திலிருந்து கேட்பவருக்கு அந்த இடம் வரக் கொஞ்சம் நேரமாகும். வந்தவுடன், அதுவரை கேட்ட கிற்றார் இசை சட்டென்று போனாக மாறிவிடும். 1994இல் வந்த நொக்கியா 2110 போனில் இது அழைப்பொலியாக வந்தது. தாரெகா 1909இலேயே இறந்துவிட்டார்.

இப்படி ஒற்றைச் சுரமாக ஒலிக்கும் மெட்டை ஷசாமிடம் காட்டிப் பயனில்லை. ஏற்ற இறக்கத்தைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று காட்டியவர் டெனிஸ் பார்சன்ஸ் என்ற ஆங்கிலேயர். 1975இல் அவர் வெளியிட்ட மெட்டு அகராதியில் சுரத்தின் பெயரும் இல்லை, தாளமும் இல்லை. ஒவ்வொரு சுரமும் முந்தியதைவிட ஏறுகிறதா, இறங்குகிறதா, அதே இடத்தில் நிற்கிறதா என்பது மட்டுமே உண்டு. ஏறினால் `U`, இறங்கினால் `D`, நின்றால் `R`; முதல் சுரத்துக்கு ஒரு நட்சத்திரக் குறி. நொக்கியா மெட்டை வாய்க்குள் முணுமுணுத்துப் பார்த்தால் இரண்டு இறக்கம், இரண்டு ஏற்றம் என்று மூன்று தடவை வரும்:

```
*DDUUDDUUDDUU
```

பாண்காரர் மெட்டின் தொடக்கம் வேறு மாதிரி. இரண்டு சுரங்களுக்கு இடையே ஆடிவிட்டுக் கீழே போகும்:

```
*DUDUDUDD
```

சுருதி சுத்தமாகப் பாடத் தெரியாதவருக்கும் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியும். அதனால் ஒரு பஸ் சீட்டின் பின்பக்கத்தில்கூட இதைக் குறித்துக்கொள்ளலாம். பத்துப் பன்னிரண்டு எழுத்துச் சேர்ந்தாலே பெரும்பாலான மெட்டுகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்துவிடும். மியூசிப்பீடியா போன்ற மெட்டுத் தேடல்கள் இந்த எழுத்து வரிசையை அப்படியே ஏற்கும்.

குறிப்பெடுக்க விருப்பமில்லாதவருக்கு 2020 ஒக்டோபரில் கூகுள் ஒரு வசதி தந்தது. தேடல் செயலியின் மைக்கைத் தொட்டுப் பத்துப் பதினைந்து விநாடி முணுமுணுக்கலாம், விசிலும் அடிக்கலாம். அது குரலையும் வாத்தியத்தையும் களைந்துவிட்டு மெட்டின் போக்கை மட்டும் எண் வரிசையாக்கி ஒப்பிடுகிறது. முணுமுணுக்கும்போது 'லலலா' என்று ஒரே அசையில் போவது நல்லது. நினைவில் பாதி நிற்கும் வரியைப் பிழையாகப் பாடுவதைவிட அது தெளிவாக இருக்கும். போனை எடுத்தவர் 'ஹலோ' சொன்ன கையோடு முணுமுணுத்து, தன் போனில் ஒலிப்பதிவு செய்துகொள்வது அதைவிட முக்கியம். அடுத்த தரிப்பிடம் வருவதற்குள் பஸ்காரர் போடும் பாட்டு வந்து பழைய மெட்டை அழித்துவிடும்.

மெட்டு வழித் தேடலில் இந்தக் கரையோரத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. புத்தளம் மாவட்டத்தில் தமிழும் சிங்களமும் ஒரே பஸ்ஸில் பயணம் செய்கின்றன. ஹிந்திப் பாட்டு இரண்டு பக்கமும் ஓடும். 1950களின் சிங்களத் திரைப்பாடல்கள் பல, ஹிந்தி, தமிழ் மெட்டுகளின் மேல் எழுதப்பட்டவை. எதிர்த்திசையிலும் மெட்டு போனது. மீன் கொண்டுவருவதைச் சொல்லும் 'சுராங்கனி' என்ற சிங்கள பைலாவை ஏ. ஈ. மனோகரன் பாடித் தமிழ்நாடு வரை கொண்டுபோனார். அவரைச் 'சிலோன் மனோகர்' என்றுதான் அங்கே தெரியும். அந்த மெட்டுக்குப் பல மொழியில் பல பதிவுகள் உண்டு.

ஆகவே ஒரு மீன் வியாபாரியின் போனில் வரியில்லாமல் அந்த மெட்டு ஒலித்தால், முணுமுணுத்துத் தேடுபவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதில்கள் வரும். அத்தனையும் சரியான மெட்டு. கேட்ட பாட்டு அவற்றில் ஒன்றுதான். இங்கே ஏற்ற இறக்கம் உதவாது. வேகமும் வாத்தியமும்தான் பிரித்துக் காட்டும். கைதட்டோடு கிற்றார் மட்டும் அடிக்கிறதா, பின்னால் வயலின் கூட்டம் இருக்கிறதா, இடையிசை எங்கே புகுகிறது என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்க வேண்டும். முதல் பதிலையே பிடித்துக்கொண்டு 'கண்டுபிடித்துவிட்டேன்' என்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது வகையில் தேடினாலும் பாட்டுக் கிடைக்காது. ஏனென்றால் பாட்டே இல்லை. 2002இல் ஏ. ஆர். ரகுமான் எயார்டெல் விளம்பரத்துக்காகச் செய்த மெட்டை எத்தனையோ பேர் ஏதோ படப்பாட்டின் தொடக்கம் என்று நினைத்துத் தேடியிருப்பார்கள். அது விளம்பர மெட்டு. அதற்குப் பின்னால் எந்தப் படமும் இல்லை. பழைய நொக்கியாவில் செய்தி வரும்போது கேட்ட மூன்று குறில், இரண்டு நெடில், மூன்று குறில் ஒலி இன்னும் விசித்திரம். அது மோர்ஸ் தந்தி முறையில் `SMS` என்ற மூன்று எழுத்து. வழக்கமாக ஒரு மெட்டு மிகக் குட்டையாக இருந்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் முடிந்து, வேறு போன்களிலும் அச்சுப் பிசகாமல் கேட்டால், அது போனோடு வந்த ஒலி என்று முடிவுகட்டலாம்.

இவற்றுக்கு நடுவில் தமிழர் போன்களில் அதிகம் ஒலிப்பது படங்களின் பின்னணி இசை. நாயகன் நடந்துவரும்போது, காதலி திரும்பிப் பார்க்கும்போது வருகிற துண்டுகள். 'பம்பாய்' படத்தின் கருப்பொருள் இசை பாடல்களோடு சேர்த்தே வெளியானது. அதனால் ஷசாம் அதை உடனே சொல்லும். ஆனால் பழைய படங்களின் பின்னணி இசை இசைத்தட்டில் வந்ததே அரிது. யாரோ படத்திலிருந்து வெட்டி எடுத்து, நடுவில் வரும் வசனத்தை நீக்கி, அழைப்பொலியாக்கியிருப்பார்கள். வெளியாகாத பதிவைச் செயலி எப்படிச் சொல்லும்? இங்கே படம் பார்த்த ஆள்தான் தேவை. மெட்டைவிடக் காட்சியை விவரித்தால் சீக்கிரம் விடை வரும்.

எல்லாவற்றுக்கும் எளிய வழி, போனின் சொந்தக்காரரிடம் கேட்பது. "நானா, இப்ப அடிச்ச பாட்டு என்ன?" என்றால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "தெரியாது தம்பி, கொமினிகேஷன்ல போட்டுத் தந்தது" என்பதுதான். அதோடு விட்டுவிடக் கூடாது. அழைப்பொலி அமைப்பைத் திறந்து கோப்பின் பெயரைப் பார்க்கச் சொல்லலாம். பாட்டின் பெயரோ படத்தின் பெயரோ பாதியாவது அங்கே இருக்கக்கூடும். `AUD-20230114-WA0007` என்று இருந்தால் அது வட்சப்பில் வந்தது. நடுவிலுள்ள எண் வந்து சேர்ந்த தேதி, பாட்டு வெளியான தேதி அல்ல. அவர் சம்மதித்தால் அந்தக் கோப்பையே அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். பிறகு வீட்டில் இருந்து, இரைச்சல் இல்லாமல், முழுத் துண்டையும் ஷசாமுக்குக் கேட்க வைக்கலாம்; பதில் வராவிட்டால் முணுமுணுத்துப் பார்க்கலாம். கூச்சப்பட்டுப் பேசாமல் இறங்கிவிட்டால் மிஞ்சுவது மெட்டு மட்டுமே. அடுத்த முறை பஸ்ஸில் அப்படி ஒன்று ஒலித்தால், அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்து கேட்டுவிடுங்கள்.