அறுபது சென்டிமீட்டரில் தொலைந்த தண்ணீர்

"தினமும் 5 லட்சம் லிட்டர் குடிநீர் மாயம்" என்ற பெட்டிச் செய்தியைப் படித்துவிட்டுத்தான் நண்பனுக்குப் போன் செய்தேன். காவிரிக்கரையில் சுத்திகரிப்பு நிலையம். அங்கிருந்து 6 கிலோமீட்டர் குழாயில் ஊருக்குத் தண்ணீர். நிலையத்து மீட்டர் நாளைக்கு 76 லட்சம் லிட்டர் அனுப்பியதாகச் சொல்கிறது. ஊர்த் தொட்டியிலோ 71 லட்சம்தான் சேர்கிறது. வழியில் யாரோ திருடுகிறார்கள் என்று வால்வு திறக்கும் ஊழியருக்கு மெமோ கொடுத்தாகிவிட்டது. நண்பன் சிரித்தான். "திருடனைத் தேடுறதுக்கு முன்னாடி மீட்டரைப் பாக்கணும். நாளைக்கு ஒரு அண்ணன் வர்றாரு, கூடப் போயிட்டு வா" என்றான்.

அண்ணன் இருபத்தைந்து வருடமாக ஃப்ளோமீட்டர் மாட்டுகிறவர். ஒரு பெட்டியும் துணிப்பையுமாக வந்து இறங்கினார். பெட்டியில் கையடக்க அல்ட்ராசோனிக் மீட்டர். பையில் டேப், உப்புத்தாள், கிரீஸ் டப்பா, சுருட்டிய கட்சிப் போஸ்டர் ஒன்று. போஸ்டர் எதற்கு என்று கேட்டேன். "இருங்க சார், அதுதான் இன்னிக்கு வேலையே."

பம்ப் அறைக்குப் பக்கத்து மீட்டர் தொட்டிக்குள் இறங்கினோம். 300 மில்லிமீட்டர் இரும்புக் குழாய். அதில் ஒரு பட்டர்ஃபிளை வால்வு, உடனே மேக் மீட்டர், அதற்கும் உடனே ஒரு பெண்டு. அண்ணன் வால்வுக்கும் மீட்டருக்கும் நடுவே டேப்பை வைத்தார்: 60 சென்டிமீட்டர். "ரெண்டு டயாதான் இருக்கு. குறைஞ்சது அஞ்சு வேணும்."

டயா என்பது குழாயின் விட்டம். மீட்டருக்கு முன்னும் பின்னும் எவ்வளவு தூரம் வளைவோ வால்வோ இல்லாமல் நேராக இருக்க வேண்டும் என்பதை விட்டத்தின் மடங்காகத்தான் இவர்கள் பேசுகிறார்கள். மேக் மீட்டருக்கு வழக்கமாக முன்னால் 5, பின்னால் 2. வெளியே மாட்டும் அல்ட்ராசோனிக்குக் குறைந்தது முன்னால் 10, பின்னால் 5. இந்தக் குழாயில் மேக்குக்கு ஒன்றரை மீட்டரும் அறுபது சென்டிமீட்டரும். அல்ட்ராசோனிக்கு 3 மீட்டரும் ஒன்றரை மீட்டரும்.

ஏன் இந்த வித்தியாசம்? மேக் மீட்டர் குழாயின் குறுக்கே ஒரு காந்தப்புலத்தை விரிக்கிறது. அதைக் கடந்து ஓடும் தண்ணீரில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. வேகம் கூடினால் அதுவும் கூடும். இடமும் வலமும் இருக்கும் இரண்டு எலக்ட்ரோடுகள் அதை வாங்கிக்கொள்கின்றன. குழாய் முழுவதிலும் ஓடும் தண்ணீர் இதில் கணக்குக்கு வருகிறது. அல்ட்ராசோனிக் அப்படியல்ல. குழாயின் வெளியிலிருந்து ஒலியைச் சாய்வாக அனுப்பி, ஓட்டத்தோடு போக எவ்வளவு நேரம், எதிர்த்து வர எவ்வளவு நேரம் என்று பார்க்கிறது. நொடிக்கு ஒரு மீட்டர் ஓடும் தண்ணீரில், இந்த அளவுக் குழாயில், அந்த வித்தியாசம் ஒரு நொடியைக் கோடிக் கூறாக்கினால் ஏறக்குறைய ஒரு கூறு. ஒலி போகும் அந்த ஒற்றைக் கோட்டில் உள்ள தண்ணீர்தான் அதற்குத் தெரியும். கோட்டுக்கு வெளியே தண்ணீர் ஒதுங்கி ஓடினால் ஏமாந்துவிடும். அதனால்தான் அதற்குக் கூடுதல் நேர்தூரம்.

"அப்ப மேக் ஏமாறாதா?"

"ஏமாறும் சார். எலக்ட்ரோடு பக்கத்துல ஓடுற தண்ணிய அது கொஞ்சம் பெருசாப் பார்க்கும். வால்வத் தொட்டுப் பாருங்க." வால்வின் தண்டு செங்குத்தாக நின்றது, தட்டு பாதி மூடியிருந்தது. தண்ணீர் தட்டின் இரு ஓரங்களிலும், அதாவது இடமும் வலமும், பீறிட்டுப் போகிறது. நேராக எலக்ட்ரோடுகளின் மேல்.

போஸ்டருக்கு வேலை வந்தது. வேலிக்கு அப்பால், குழாய் நேராகப் போகும் இடத்தில் குழி தோண்டியிருந்தார்கள். அண்ணன் டேப்பால் குழாயைச் சுற்றினார்: 1024 மில்லிமீட்டர். மனதிலேயே வகுத்து "326 வெளிவிட்டம்" என்றார். போஸ்டரைக் கீறி நீள நாடாவாக ஒட்டிக் குழாயைச் சுற்றினார். ஓரம் ஓரத்தோடு சேரும் இடத்தில் கிழித்தார். எடுத்துச் சரிபாதியாக மடித்து, மடிப்பில் பேனாவால் கோடு. மறுபடி சுற்றினால் ஓரம் ஒரு பக்கம், கோடு அதற்கு நேர் எதிர்ப்பக்கம். சென்சார்கள் உட்காரும் இரண்டு இடங்கள். இரண்டும் பக்கவாட்டில்தான் இருக்க வேண்டுமாம். உச்சியில் காற்று நிற்கும், அடியில் வண்டல் படியும்.

கறுப்புப் பூச்சை உப்புத்தாளால் பளபளக்கும்வரை தேய்த்தார். கிரீஸ் தடவி, சென்சார்களை வைத்துப் பட்டியால் இறுக்கினார். கனம் பார்க்கும் கருவியை ஒற்றினார்: இரும்பு 7.2 மில்லிமீட்டர். உள்ளே சிமென்ட் பூச்சு 3. "இந்தச் சிமென்ட்டை விட்டுட்டு அளவு போட்டா, குழாய் உள்ள பெருசுன்னு மீட்டர் நினைச்சுக்கும். நூத்துக்கு நாலு லிட்டர் சும்மாவே கூடிடும்." அடுத்து மீட்டரின் பட்டன்களில் அரைமணி நேரம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. டீ குடிக்கப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது திரையில் மணிக்கு 301 கனமீட்டர். சென்சார்களைக் கொஞ்சம் சாய்த்து வேறு கோட்டில் வைத்தார்: 299. அதே நேரத்தில் தொட்டிக்குள் மேக் மீட்டர் 317 காட்டிக்கொண்டிருந்தது. பிறகு வால்வுக்கும் மேக்குக்கும் நடுவே இருந்த அந்த அறுபது சென்டிமீட்டரில் அதே சென்சார்களை மாட்டிக் காட்டினார். படுக்கைக் கோட்டில் 322. ஏறக்குறைய நிமிர்ந்த கோட்டில் 281. ஒரே தண்ணீர், இரண்டு கணக்கு. கோட்டை மாற்றினால் எண்ணும் மாறுகிறது என்றால், அங்கே ஓட்டம் குலைந்திருக்கிறது என்று அர்த்தம்.

நிலையத்து அதிகாரி இதை நம்பவில்லை. "எது சரி, எது தப்புன்னு எப்படிச் சொல்றீங்க?" அண்ணன் சம்ப்பைக் கைகாட்டினார். 20 மீட்டருக்கு 10 மீட்டர் தொட்டி. வருகிற வால்வை மூடி, பம்ப்பை நிறுத்தி, அரைமணி நேரம் மட்டம் அசைகிறதா என்று பார்த்தார், அசையவில்லை. பம்ப்பை ஒரு மணி நேரம் ஓட்டினார். மட்டம் சரியாக ஒன்றரை மீட்டர் இறங்கியது. 300 கனமீட்டர். நாளைக்கு 72 லட்சம் லிட்டர்.

ஆக, மாயமான 5 லட்சத்தில் 4 லட்சம் நிலையத்தைவிட்டுக் கிளம்பவே இல்லை.

மேக் மீட்டர் மோசமான சாமான் அல்ல. நீண்ட நேர்க்குழாய் உள்ள சோதனைக்கூடத்தில் ஓட்டிப் பார்த்து, பிழை நூற்றுக்கு அரைகூட இல்லை என்று சான்றிதழ் வாங்கி வந்ததுதான். அந்தக் கூடத்தின் நேர்க்குழாய் மட்டும் கூட வரவில்லை. மதிப்பீட்டில் "மீட்டர் 1 எண்" என்று இருக்கிறது; நேர்தூரம் என்று ஒரு வரி இல்லை. ஒப்பந்தம் எடுத்தவர் இன்னொருவருக்குக் கைமாற்ற, அவர் மூன்றாமவருக்குக் கொடுக்க, ஒவ்வொருவரும் தன் பங்கை எடுத்தபின் மிஞ்சிய காசுக்குக் கட்டப்பட்ட மீட்டர் தொட்டி அது. மூன்று பேர் பில் போட்டார்கள். மெமோ வந்தது, ஒப்பந்தக் கூலிக்கு வால்வு திருப்புகிறவருக்கு.

பரிகாரத்தை அண்ணன் ஒரு தாளில் எழுதினார். மேக் மீட்டரைக் கழற்றி வேலிக்கு வெளியே நேர்க்குழாயில் மாட்டுவது. முன்னால் ஒன்றரை மீட்டர் போதாது, 3 மீட்டர் விடுவது. "வால்வு முழுசாத் திறந்திருந்தா அஞ்சு டயா. பாதி மூடினா பத்து." குழாயை அறுக்க ஒருநாள் தண்ணீரை நிறுத்த வேண்டும். நிறுத்தவே முடியாத ஊர் என்றால், அறுக்காமல் மாட்டும் அல்ட்ராசோனிக்தான் வழி. ஆனால் அந்த நேர்தூரமும், சிமென்ட் கனமும், சில மாதங்களுக்கு ஒருமுறை கிரீஸ் காய்ந்ததா என்று பார்க்க ஆளும் வேண்டும்.

மூன்று வாரம் கழித்து நண்பன் போன் செய்தான். மீட்டர் இடம் மாறியது. நாளைக்கு 72 லட்சம் காட்டுகிறது. மீதி ஒரு லட்சத்துக்கு, ஏதோ ஒரு மூட்டில் கசிவு தேடுகிறார்கள்.

மெமோ என்ன ஆயிற்று என்று கேட்டேன். அது கோப்பில்தான் இருக்கிறதாம். திரும்பப் பெறுவதற்கென்று படிவம் இல்லை.